மூங்கில் உளுத்துப் போகாம இருக்கணும்னா

பட்டணத்துல இருந்து நம்ம பக்கத்தைப் படிக்கிறவங்க அடிக்கடி கேக்கிற கேள்வி ஒண்ணு இருக்கு. "மூங்கில்ல கொட்டகை போட்டா எத்தனை வருசம் தாங்கும்?" மொட்டை மாடியில சின்னதா ஒரு பந்தல் போடணும்னு ஆசைப்படுறவங்களும் இதைத்தான் கேக்கறாங்க. இதுக்கு ஒரே பதில் கிடையாது. வெட்டின மூங்கிலை அப்படியே கொண்டுபோய் மண்ணுல ஊனினா ஒண்ணுல இருந்து மூணு வருசம். மழை படாம கூரைக்கு உள்ளயே இருந்தா நாலுல இருந்து ஏழு வருசம். பக்குவம் பண்ணி, ஈரம் படாம கட்டினா பதினஞ்சு வருசத்துக்கு மேலயும் நிக்கும். மூங்கில் ஒண்ணுதான். வெட்டின முதல் ரெண்டு வாரத்துல அதை நாம என்ன பண்றோம்ங்கிறதுலதான் பாதி வித்தியாசம் இருக்கு. மீதி பாதி, கட்டுற விதத்துல.

எங்க ஊர் கொள்ளிடக்கரைப் பக்கம். படுகை ஓரமா எங்க அப்பா காலத்துல இருந்தே நாலு மூங்கில் குத்து இருக்கு. நாலு வருசத்துக்கு முன்னாடி எங்க வீட்டம்மா மகளிர் குழுவில கடன் வாங்கி பதினாலு ஆடு பிடிச்சாங்க. ஆடு வந்துருச்சு, கட்டுறதுக்கு எடம் இல்லை. ஐப்பசி மழையில ஆடு நனைஞ்சா சளி பிடிக்கும், குளம்பு அழுகும், கடன் மட்டும் மிஞ்சும். இரும்புக் குழாய் வெச்சுத் தகரம் போட 20 அடிக்கு 12 அடிக்கு 90,000 ரூபாய் கேட்டாங்க. கையில இருந்தது 25,000. சென்னையில வேலை பார்க்கிற பையன், "மூங்கில்ல போட்டு ரெண்டு வருசத்துக்கு ஒருவாட்டி பிரிச்சுக் கட்டறதுக்கு, கடனை வாங்கி இரும்புலயே போட்டுருங்கப்பா"ன்னான். அவன் சொன்னதுலயும் ஒரு நியாயம் இருக்கு. பக்கத்துக் கொல்லைக்காரர் சித்திரையில வெட்டி வைகாசியில போட்ட கொட்டகை, ஆடி மாசமே வாரைக்கு வாரை மஞ்சள் மாவா உதிர ஆரம்பிச்சிருந்தது. அடுத்த வருசக் காத்துல ரெண்டு வாரை ஒடிஞ்சு கீத்து உள்ள தொங்கிடுச்சு. அதனால மூங்கில்னு முடிவு பண்ணினா, அது உளுக்காம இருக்க என்ன செய்யணும்னு முதல்ல முடிவு பண்ணியாகணும்.

அந்த மாவு எங்க இருந்து வருதுன்னு தெரிஞ்சா மத்ததெல்லாம் தானா புரியும். மூங்கில் தன்னோட சதைக்குள்ள மாவுச்சத்தைச் சேர்த்து வெச்சிருக்கு. அடுத்த மழைக்கு வர்ற குருத்துகளுக்கு அதுதான் சாப்பாடு. எள்ளைவிடக் கொஞ்சம் பெரிசா ஒரு பழுப்பு வண்டு இருக்கு. நாங்க உளுப்பூச்சின்னு சொல்லுவோம். அதுக்கும் இந்த மாவுச்சத்துதான் சாப்பாடு. மூங்கிலோட வெளித்தோல் வழவழன்னு கண்ணாடி மாதிரி இருக்கும், அதைத் துளைக்கறது கஷ்டம். வெட்டுவாய் இருக்கிற எடம், கிளை கழிச்ச எடம், தோல் உரிஞ்ச எடம், இங்கதான் அது உள்ள நுழையும். வெட்டிப் போட்ட ஒண்ணு ரெண்டு நாள்லயே வந்துரும். உள்ள முட்டை போட்டு, புழு மூங்கிலைத் தின்னுக்கிட்டே போகும். உதிர்ற மாவு அது தின்னு கழிச்சது. ஆக, எந்த மூங்கில்ல மாவுச்சத்து கூடுதலா இருக்கோ அது சீக்கிரம் உளுக்கும்.

அதனாலதான் எந்தக் கழியை எப்ப வெட்டறோம்ங்கிறது முக்கியம். மழைக்கு முன்னாடி, கோடையில, குருத்து விடறதுக்காக மூங்கில் மாவுச்சத்தைச் சேர்த்து வெச்சிருக்கும். குருத்தெல்லாம் வளர்ந்து முடிஞ்ச பிறகு அந்தச் சேமிப்பு குறைஞ்சுடும். ஐப்பசி, கார்த்திகை மழை முடிஞ்சு மார்கழி, தையில வெட்டினா மாவுச்சத்தும் கம்மி, குளிருக்கு வண்டு நடமாட்டமும் கம்மி. எங்க அம்மா தேய்பிறையிலதான் வெட்டணும்னு சொல்லுவாங்க. அவங்க மனசுக்காக நானும் தேய்பிறையிலயே வெட்டறேன். ஆனா மாசத்தை மட்டும் மாத்தவே மாட்டேன்.

அடுத்தது வயசு. ஒரு வருசத்துக் கழி பச்சைப் பசேல்னு, மேல வெள்ளைப் பொடி பூசினாப்புல, அடிக்கணுவுல உறை ஒட்டிக்கிட்டு இருக்கும். பார்க்க அழகா இருக்கும், வேலைக்கு ஆகாது. காய்ஞ்சா சுருங்கி நெளிஞ்சு போயிரும். மூணு வருசம் தாண்டினது பச்சை மங்கி, மேல சாம்பல் நிறத்துல பாசிப் புள்ளி படிஞ்சிருக்கும். தட்டினா 'டங்'குன்னு கணீர்னு கேக்கும். வயசான கழி குத்துக்கு நடுவுல இருக்கும், இளசு வெளி ஓரத்துல இருக்கும். எங்க மூங்கில் முள்ளு மூங்கில். நடுவுல போறது லேசுப்பட்ட வேலை இல்லை. ஒரு பக்கமா வழி எடுத்து உள்ள போய், தரைக்கு மேல முதல் கணுவுக்குச் சற்று மேல வெட்டணும். கணுவுக்கு நடுவுல வெட்டினா அந்தக் குழியில மழைத்தண்ணி நின்னு, அடிக்கிழங்கு அழுகி குத்தே கெட்டுப் போகும். இப்ப நான் வருசா வருசம் புதுசா வர்ற கழிக்கு ஒரு வண்ணப் பெயிண்ட்ல கோடு போட்டு வெச்சுடறேன். மூணாவது வருசம் யார் போனாலும் எதை வெட்டணும்னு குழப்பம் இருக்காது.

தாத்தா காலத்துப் பக்குவம் தண்ணியில போடறதுதான். வெட்டின மூங்கிலை வாய்க்கால்லயோ குளத்துலயோ அமுக்கிப் போட்டு ஒரு மாசம், ரெண்டு மாசம் விட்டுருவாங்க. தண்ணி உள்ள போய் மாவுச்சத்தையும் சர்க்கரையையும் கரைச்சு வெளிய எடுத்துடும். எடுக்கும்போது ஒரு நாத்தம் அடிக்கும், நிறமும் கொஞ்சம் கறுத்துடும், ஆனா உளுப்பூச்சிக்கு உள்ள சாப்பாடு இருக்காது. இது நல்ல முறைதான். ரெண்டு குறை உண்டு. கரையானையும், ஈரத்துல வர்ற அழுகலையும் இது தடுக்காது. ரெண்டாவது, எங்க பக்கம் வாய்க்கால்ல தண்ணி ஓடறது மேட்டூரைத் திறந்தாத்தான். சூன் 12-ல திறந்து சனவரி 28-ல மூடறது வழக்கம். மார்கழிக் கடைசியில வெட்டிப் போட்டா, ஊறி முடியறதுக்குள்ள வாய்க்கால் காய்ஞ்சிடும். தேங்கின குளமும் இப்ப முன்ன மாதிரி இல்லை.

அதனால நான் வெண்காரமும் போரிக் பவுடரும் கலந்த தண்ணியில ஊறப்போட்டேன். வெண்காரம் நாட்டு மருந்துக் கடையில கிடைக்கிற அதே வெண்காரம்தான். போரிக் பவுடர்னா கேரம் போர்டுல தூவற பவுடர்னு சொன்னா உங்களுக்குத் தெரியும். ரெண்டையும் மொத்தமா ரசாயனக் கடையில வாங்கினா விலை குறையும். இது மூங்கிலுக்கு உள்ள போயிட்டா, தின்ன வர்ற பூச்சியும் கரையானும் செத்துடும், பூஞ்சாணமும் பிடிக்காது. ஆனா ரெண்டு பவுடரும் தண்ணி வழியாத்தான் மூங்கிலுக்குள்ள பரவும். அதனால பச்சை மூங்கிலாத்தான் போடணும். காய்ஞ்ச மூங்கில்ல மேலாக மட்டும் ஒட்டும். வெட்டின மறுநாளே குழியில போட்டாகணும்.

கணக்கு இப்படி வந்துச்சு. கொட்டகைக்கு 30 கழி வெட்டினோம். ஒவ்வொண்ணும் 22 அடி இருக்கிற மாதிரி எடுத்து, ரெண்டா நறுக்கி 11 அடித் துண்டாக்கிட்டேன். அடித்துண்டு கனமா இருக்கும், அது காலுக்கும் வளைக்கும். நுனித்துண்டு வாரைக்கு. இப்படி நறுக்கினதுல ஒரு லாபம், குழி 12 அடி நீளம் இருந்தாப் போதும், மருந்துத் தண்ணியும் பாதி மிச்சம். அகலம் ரெண்டரை அடி, ஆழம் ஒன்றரை அடி. உள்ள கெட்டித் தார்ப்பாய் விரிச்சேன். ஒரு தடவைக்கு 30 துண்டு அடுக்கினா அது மூழ்க சுமார் 750 லிட்டர் தண்ணி பிடிச்சுது. நூறு லிட்டருக்கு அஞ்சு கிலோ மருந்து. வெண்காரம் மூணு பங்குன்னா போரிக் ரெண்டு பங்கு. ஆக 750 லிட்டருக்கு வெண்காரம் இருபத்திரண்டரை கிலோ, போரிக் பதினஞ்சு கிலோ. பச்சைத் தண்ணியில வெண்காரம் லேசுல கரையாது, அடியில மணல் மாதிரி தங்கும். அதனால அண்டாவுல தண்ணி காய வெச்சு, சூட்டுல கரைச்சுக் கரைச்சு குழியில ஊத்தினோம்.

குழியில போடறதுக்கு முன்னாடி செய்யற வேலைதான் உயிர். மூங்கிலோட வெளித்தோல் தண்ணியை உள்ள விடாது. மருந்து போகணும்னா உள்பக்கமாத்தான் போகணும். ஒவ்வொரு கணுவுலயும் உள்ள ஒரு தடுப்பு இருக்கும். ஒரு கம்பியை, அரை அங்குலக் கனம், 12 அடி நீளம், நுனியைக் கூராக்கி, ஒரு முனையில இருந்து குத்திக்கிட்டே போய் எல்லாத் தடுப்பையும் ஓட்டை போட்டோம். அறுபது துண்டுக்கு ரெண்டு ஆள் ஒரு நாள் முழுக்கக் குத்தினாங்க. இந்த வேலைக்கு வந்த தம்பி ஒருத்தர், "அண்ணே, அதான் தண்ணியில முழுக்கப் போடறோமே, அப்புறம் எதுக்கு இந்தக் குத்து?"ன்னு கேட்டார். குத்தாத துண்டு ஒண்ணைத் தண்ணியில போட்டுக் காமிச்சேன். கட்டை மாதிரி மிதந்துச்சு. உள்ள இருக்கிற காத்து வெளிய வரலைன்னா மருந்து எப்படி உள்ள போகும்? குத்தின துண்டையும் ஒரு முனையைச் சாய்ச்சு இறக்கணும், குபுகுபுன்னு காத்து வெளிய வந்ததும் தானா அமுங்கும். அதுக்கு மேல பாறாங்கல் வெச்சு அமுக்கணும். கெட்டியா இருக்கிற கல்மூங்கில்னா கம்பி போகாது. அதுக்கு ஒவ்வொரு கணுவிடையிலயும் சின்னதா ரெண்டு துளை துளைக்கணும். வரிச்சுக்கு வேண்டிய மூங்கிலை மட்டும் முன்னாடியே பிளந்து போட்டேன், பிளந்தது நல்லாக் குடிக்கும்.

பன்னிரண்டு நாள் ஊற விட்டேன். குழி மேல ஓலையும் முள்ளும் போட்டு மூடணும். ஆடு மாடு இந்தத் தண்ணியைக் குடிச்சா ஆபத்து, குழந்தைகளும் கிட்ட வரக் கூடாது. முதல் முப்பதை எடுத்தப்போ தண்ணி மட்டம் நல்லாக் குறைஞ்சிருந்தது. மூங்கில் மருந்தைக் குடிச்சிருக்கு, அதோட சாறும் தண்ணியில கலந்திருக்கு. அப்படியே அடுத்த முப்பதைப் போட்டா மருந்து பத்தாது. இன்னும் பத்து கிலோவை அதே மூணுக்கு ரெண்டு கணக்குல கரைச்சுச் சேர்த்து, தண்ணியையும் நிரப்பித்தான் ரெண்டாவது தடவை போட்டேன்.

உள்ள மருந்து போச்சா இல்லையான்னு பார்க்க ஒரு வழி இருக்கு. மஞ்சளும் வெண்காரமும் எலுமிச்சைச் சாறும் சேர்த்து வீட்டுல குங்குமம் பண்றதைப் பார்த்திருப்பீங்க. மஞ்சள் சிவக்கிற அதே சங்கதிதான். ஒரு துண்டோட நடுப்பாகத்துல ரம்பத்தால அறுத்து, அந்த வெட்டுவாயைக் காய விட்டு, ஸ்பிரிட்ல ஊறப்போட்ட மஞ்சளைத் தடவணும். அது காய்ஞ்சதும் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஒரு துளி தொட்டு வைக்கணும், கையுறை போட்டுக்கிட்டு. மருந்து போன எடம் சிவக்கும், போகாத எடம் மஞ்சளாவே நிக்கும். எனக்கு உள்சுத்து முழுக்க சிவந்து, வெளித்தோலை ஒட்டி மட்டும் மெல்லிசா மஞ்சள் நின்னுச்சு. அது போதும். நடுவுல திட்டுத் திட்டா மஞ்சள் தெரிஞ்சா இன்னும் நாலு நாள் ஊறணும்னு அர்த்தம்.

மிச்சத் தண்ணியை வயல்ல விடக் கூடாது. போரான் துளி அளவு பயிருக்குச் சத்து, அளவு மிஞ்சினா விஷம். இலை ஓரமெல்லாம் கருகிப் போகும். குழியிலயே வெயிலுக்கு வத்த விட்டு, அடியில படிஞ்ச பொடியைச் சுரண்டி மூட்டை கட்டி வெச்சேன். அடுத்த வருசம் வேலிக் கழிக்கு அதுதான் ஆச்சு.

இனி வெடிப்பு. வெட்டின மூங்கிலை வெயில்ல பரப்பிக் காயவெக்கிறது வழக்கம். சீக்கிரம் காயும்னு நினைப்பாங்க. வெளிப்பக்கம் காய்ஞ்சு சுருங்கும், உள்பக்கம் ஈரமா அப்படியே இருக்கும். ரெண்டுக்கும் நடக்கிற இழுபறியில 'பட்'டுன்னு நீளத்துக்குப் பிளக்கும். நான் குழியில இருந்து எடுத்த துண்டுகளை ஒரு வாரம் தார்ப்பாய் போட்டு மூடியே வெச்சேன், உள்ள இருக்கிற மருந்து இன்னும் பரவட்டும்னு. அப்புறம் புளியமரத்து நிழல்ல, மண்ணு படாம செங்கல் மேல, நட்டுக்குத்தலா சாய்ச்சு வெச்சேன். வாரத்துக்கு ஒருவாட்டி திருப்பி வெச்சேன். பங்குனி கடைசி வரைக்கும் ரெண்டு மாசம். அறுபதுல நாலு துண்டு வெடிச்சது. அதைப் பிளந்து வரிச்சாக்கிட்டேன்.

காய்ஞ்ச பிறகும் மூங்கிலைப் பிளக்க வைக்கிறது ஆணி. ஆணி அடிச்சா நார் விலகி கோடு ஓடும். எங்க துளை வேணுமோ அங்க துளைக் கருவியால துளைச்சுத்தான் போல்ட் போடணும், அதுவும் கணுவுக்குப் பக்கத்துல. வாரை, வரிச்சு எல்லாம் தென்னங்கயிறுக் கட்டுத்தான்.

கட்டும்போது ஒண்ணை மறக்கக் கூடாது. தண்ணியில கரைச்சு உள்ள விட்ட மருந்தை மழைத்தண்ணி திரும்பக் கரைச்சு வெளிய எடுத்துடும். மருந்து போட்டாச்சுன்னு மண்ணுல ஊனினா ரெண்டு மழைக்காலத்துல அடி அழுகிடும். அதனால மண்ணுல ஒரு கால்கூட ஊனலை. பதினோரு காலுக்கும் தரைக்கு மேல ஒன்றரை அடி உயரத்துக்கு சிமெண்ட் பீடம் கட்டி, அதுல ஒரு கம்பியை நிக்க வெச்சு, கம்பி மேல மூங்கில் காலைச் சொருகினேன். காலோட அடிக்கணு வரைக்கும் சிமெண்ட் சாந்து நிரப்பி, குறுக்கால ஒரு போல்ட். சாந்து நிரப்பினாத்தான் போல்டை இறுக்கும்போது மூங்கில் நசுங்கிப் பிளக்காது. 2018-ல கஜா புயல் எங்க டெல்டாவுல பண்ணினதைப் பார்த்தவங்களுக்குத் தெரியும், கொட்டகையைக் காத்து கீழ தள்ளறதைவிட மேல தூக்கறதுதான் அதிகம். அதுக்குத்தான் கம்பியும் போல்டும், காலுக்குக் கால் குறுக்குச் சட்டமும். கூரை நல்ல சரிவு, இறவாணம் ரெண்டரை அடி வெளிய நீட்டி இருக்கு. சாரல் அடிச்சாலும் கால்ல படாது.

மருந்து, தார்ப்பாய், பீடம், கீத்து, கூலி எல்லாம் சேர்த்து 23,700 ரூபாய் ஆச்சு. மூங்கில் சொந்தம். இப்ப நாலு வருசம் முடிஞ்சு கீத்து ஒருவாட்டி மாத்தியாச்சு, ரெண்டாவதுவாட்டி மாத்தப் போறோம். முன்னெல்லாம் கீத்து மாத்தும்போதே பாதி வாரையையும் மாத்தணும், செலவு அங்கதான் ஏறும். போனவாட்டி கீத்தைப் பிரிச்சப்போ வாரை ஒவ்வொண்ணையும் தட்டிப் பார்த்தேன். எல்லாம் கணீர்னு இருந்துச்சு. மேக்குப் பக்கம் ஓலை விலகி மழை இறங்கின எடத்துல ஒரே ஒரு வாரை கறுத்திருந்தது, அதை மட்டும் மாத்தினேன். மருந்து போட்டும் ஈரம் படற எடம் கெடும்ங்கிறதுக்கு அதுவே சாட்சி.

கொட்டகைக்குச் சொன்னது சாரத்துக்கு அப்படியே பொருந்தாது. சாரம் வெட்டவெளியில மழையில நிக்கறது, மருந்து நிக்காது. அதுக்குக் காவல் நம்ம கண்ணும் கையும்தான். எங்க ஊர்ல ஒரு கொத்தனார் ரெண்டாவது நிலைச் சாரத்துல நின்னு பூசிக்கிட்டிருந்தப்போ குறுக்குக் கழி ஒடிஞ்சு விழுந்தார். இடுப்பெலும்பு முறிஞ்சு எட்டு மாசம் படுக்கை. ஒடிஞ்ச கழியைப் பார்த்தா, வெளியில ஒண்ணும் தெரியலை. உள்ள வறுத்த மாவு மாதிரி கொட்டுச்சு. வருசக்கணக்கா மண்ணுல படுக்கப் போட்டு வெச்சிருந்த கழி அது.

அதுக்கப்புறம் எங்க வீட்டுச் சுவர் பூச சாரம் கட்டினப்போ, சாரக்காரரும் நானும் கழி கழியா பார்த்துத்தான் எடுத்தோம். குண்டூசித் தலை அளவு ஓட்டை இருக்கா, தூக்கிக் குலுக்கினா மாவு கொட்டுதா, தட்டினா கணீர்னு கேக்காம 'பொத்'துன்னு கேக்குதா, வெடிப்பு ஒரு கணுவைத் தாண்டி அடுத்த கணுவுக்கு ஓடியிருக்கா. இதுல ஒண்ணு இருந்தாலும் ஓரமா வெச்சாச்சு. மிச்சத்துல குறுக்குக்குப் போற ஒவ்வொரு கழியையும் ஆறடி இடைவெளியில ரெண்டு கல்லு மேல வெச்சு, நடுவுல ரெண்டு பேர் ஏறி நின்னு பார்த்தோம். தரையில இருந்து ஒரு சாண் உயரத்துல ஒடிஞ்சா யாருக்கும் ஒண்ணும் ஆகாது. நாப்பது கழியில ஏழு கழிஞ்சுது.

சாரத்துக்குப் பச்சைக் கழியும் ஆகாது. கட்டும்போது இறுக்கமா இருக்கும், நாலு நாள்ல கழி காய்ஞ்சு பருமன் குறையும், கயிறு தளர்ந்துடும். நல்லாக் காய்ஞ்ச கழியில, நிக்கிற மரத்தோட கணுவுக்குச் சற்று மேல கட்டு விழணும். அப்பத்தான் பாரம் ஏறும்போது கட்டு கீழ வழுக்காம கணு தாங்கிப் பிடிக்கும். தினமும் காலையில ஏறுறதுக்கு முன்னாடி, மழை பெஞ்ச மறுநாள் கட்டாயம், ஒவ்வொரு கட்டையும் கையால அசைச்சுப் பார்க்கணும். வேலை முடிஞ்சதும் கழியை மண்ணுல போடாம, கூரைக்குக் கீழ கட்டை மேல அடுக்கணும். ஒரு கழியோட ஆயுசு அது வேலை செய்யற நாள்ல போறதைவிட சும்மா கிடக்கிற நாள்லதான் அதிகம் போகுது.

மாடிப் பந்தலுக்கு மூங்கில் வாங்கப் போறவங்களுக்கு இதை வெச்சே சொல்லிடறேன். மூங்கில் மண்டியில நிக்கிற கழி எந்த மாசம் வெட்டினதுன்னு கேளுங்க. மார்கழி, தைன்னா வாங்கலாம். சித்திரை, வைகாசின்னா யோசிங்க. பச்சையா பளபளன்னு இருக்கிறதை விட்டுட்டு மங்கலா புள்ளி விழுந்ததா எடுங்க. "மருந்து போட்டது"ன்னு சொன்னா, கணுவுக்குள்ள ஓட்டை இருக்கான்னு ஒரு முனையில டார்ச் அடிச்சுப் பாருங்க, இல்லைன்னா பக்கவாட்டுல துளை இருக்கான்னு தேடுங்க. ரெண்டும் இல்லைன்னா மேல தெளிச்சிருக்காங்க, அவ்வளவுதான். வாங்கிட்டு வந்து சிமெண்ட் தொட்டியில ஊனாம, ஒரு சாண் உயரமாவது தூக்கி நிறுத்துங்க. மேல ஒரு தகரமோ கீத்தோ இருக்கட்டும். முதல் கோடையில பந்தலுக்குக் கீழ தரையைக் கூட்டும்போது மஞ்சள் மாவு கிடக்குதான்னு கவனிங்க. இருந்தா, எந்தக் கழியில இருந்து விழுதுன்னு பார்த்து அதை அன்னிக்கே கழட்டிடுங்க, அடுத்த கழிக்குத் தாவறதுக்குள்ள.